தமிழ் ஆய்வுக் கட்டுரையைப் பன்னாட்டு ஜர்னலின் டெம்ப்ளேட்டுக்கு மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கத்துக்கு ஒரே கட்டுரையைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய காற்றுப் பெயர்கள் கடலோர மீனவர் பேச்சில் இன்று எவ்வளவு புழங்குகின்றன என்பதைப் பற்றிய களஆய்வு அது. மூன்று ஊர், 30 பேர். அவர்களில் 50 வயதைத் தாண்டியவர்கள் 18, 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் 12. கட்டுரையும் எண்களும் இந்தப் பக்கத்துக்காக நானே கட்டியவை. அதிலுள்ள கோளாறுகள் மட்டும் கற்பனை இல்லை. சக ஆய்வாளர்களின் கட்டுரைகளிலும் என் பழைய கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவை.

முன்னுரை இருக்கிறது, முடிவுரை இருக்கிறது. நடுவில் ஜர்னல் கேட்கும் தலைப்புகளைப் போட்டுவிட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலான ஜர்னல்கள் கேட்கும் வரிசை இது:

```
Abstract
Introduction
Methods
Results
Discussion
```

நம் காற்றுக் கட்டுரையின் தலைப்புகளோ இப்படி இருக்கும்: முன்னுரை, காற்றும் தமிழரும், வாடை, கொண்டல், சோழகம், கச்சான், இன்றைய நிலை, முடிவுரை. நாம் பொருளை வைத்துப் பிரிக்கிறோம். டெம்ப்ளேட்டோ ஒவ்வொரு வாக்கியமும் செய்யும் வேலையை வைத்துப் பிரிக்கிறது. ஏன் ஆராய்ந்தாய், எப்படிச் செய்தாய், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம் என்ற நான்கு கேள்விக்கும் தனித்தனி அறை. நம்முடைய 'கச்சான்' பகுதியைத் திறந்தால் அந்த நான்குக்கும் உரிய வாக்கியங்கள் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். அதனால் பகுதிகளை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைத்தால் வேலை முடியாது. வாக்கியம் வாக்கியமாகத்தான் பிரிக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கட்டுரையை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்து எழுதுங்கள்: ஏன் என்று சொல்வதற்கு 'ஏ', எப்படி என்று சொல்வதற்கு 'எ', கிடைத்ததைச் சொல்வதற்கு 'கி', அர்த்தம் சொல்வதற்கு 'அ'. எதிலும் சேராததற்கு ஒரு கோடு. நம் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி:

"கடலோர மக்கள் காற்றைத் தெய்வமாகவே போற்றி வந்துள்ளனர். ஆனால் இன்று இளைஞர்களிடம் இச்சொற்கள் அருகி வருகின்றன. களஆய்வில் சந்தித்த 12 இளைஞர்களுள் 4 பேர் மட்டுமே கச்சானைத் திசையோடு கூறினர். செல்பேசிச் செயலிகளில் வானிலை பார்ப்பதே இதற்குக் காரணம் எனலாம்."

முதல் வாக்கியத்துக்குக் கோடு. அதற்குச் சான்று இல்லை, கட்டுரையின் கேள்விக்கு அது தேவையும் இல்லை. மூன்றாவதில் இரண்டு வேலை கலந்திருக்கிறது. '12 இளைஞர்களைச் சந்தித்தது' என்பது எப்படி; '4 பேர் கூறினர்' என்பது கிடைத்தது. அதை இரண்டாக உடைக்க வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'அருகி வருகின்றன' என்பது பார்த்த செய்தி போல ஒலிக்கிறது. ஆனால் பார்த்தது இன்றைய முதியவரையும் இன்றைய இளைஞரையும் மட்டுமே. இந்த இளைஞர்களே 50 வயதில் எல்லாப் பெயரையும் கற்றிருக்கலாம். கடலில் இருக்க இருக்கக் கூடும் அறிவாகவும் இது இருக்கலாம். ஆகவே அது அர்த்தம் சொல்லும் வாக்கியம். விவாதத்துக்குப் போக வேண்டும், தயக்கத்தோடு. நான்காவதும் அங்கேதான் போகும், ஒரு நிபந்தனையோடு. செயலி பார்ப்பீர்களா என்று நீங்கள் யாரிடமும் கேட்கவே இல்லையென்றால் அது ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதலாம். 'இதுவே காரணம்' என்று எழுதக் கூடாது.

குறித்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலும் 'ஏ'வும் 'அ'வும் நிரம்பி வழியும். 'எ' இரண்டு மூன்று வாக்கியத்தைத் தாண்டாது. எங்கே புதிதாக எழுத வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

'முடிவுகள்' பகுதியில் என் முடிவுரையைப் போட்டேன். தவறு என்கிறார்கள். ஏன்?

தமிழில் 'முடிவு' என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால் வந்த வினை. கணக்குப் போட்டுக் கிடைத்த விடையும் முடிவு. யோசித்து நாம் வந்து சேர்ந்ததும் முடிவு. டெம்ப்ளேட்டில் இரண்டும் வேறு வேறு இடம்: முதலாவது Results, இரண்டாவது Discussion. வரைவு எழுதும்போது முதலாவதைக் 'கண்டவை' என்றும் இரண்டாவதைத் 'தீர்ப்பு' என்றும் நான் குறித்துக்கொள்வேன். தீர்ப்பு என்பது அழகான கலைச்சொல் இல்லைதான், ஆனால் குழப்பம் வராது.

ஆய்வு முறை என்று ஒரு வரி இருக்கிறது: "விளக்கமுறை, ஒப்பீட்டு முறை பின்பற்றப்பட்டுள்ளன." இதை எப்படி ஒரு பகுதியாக நீட்டுவது?

அந்த வரியை நீட்ட முடியாது, எடுத்துவிடுங்கள். அது முறையின் பெயரைச் சொல்கிறதே தவிர, நீங்கள் செய்ததைச் சொல்லவில்லை. உங்கள் மாணவர் ஒருவர் அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போய் அதே ஆய்வைச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அவருக்குச் சொல்வது போல எழுதுங்கள். நம் கட்டுரைக்கு அது இப்படி வரும்:

"மூன்று ஊர்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 30 மீனவர்களிடம் பேட்டி எடுத்தேன். ஒவ்வோர் ஊரிலும் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அறிமுகமான ஒருவர் மற்றவர்களைக் காட்டிவிட்டார். எல்லாரிடமும் இரண்டு கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டேன்: தெரிந்த காற்றுப் பெயர்களைச் சொல்லுங்கள், ஒவ்வொன்றும் எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கையால் காட்டுங்கள். காட்டிய பக்கத்தைத் திசைகாட்டியில் பார்த்து எட்டுத் திசைகளில் ஒன்றாகக் குறித்தேன். பெயரும் சொல்லித் திசையும் சரியாகக் காட்டியவரையே அந்தப் பெயர் தெரிந்தவராகக் கணக்கில் எடுத்தேன்."

இதை எழுதும்போதுதான் பழைய கட்டுரையில் ஒளிந்திருந்த சிக்கல் வெளியே வரும். திசையை 'சரியாக' என்றால் எது சரி? கடற்கரைக்குக் கடற்கரை ஒரே பெயர் கொஞ்சம் வேறு திசையைக் குறிப்பதுண்டு. அகராதியைச் சரி என்று வைத்தால் ஓர் ஊரே தவறாகிவிடும். அதனால் 'அந்தந்த ஊரின் முதியவர்களில் பெரும்பாலோர் காட்டிய திசையே அந்த ஊருக்குச் சரி' என்று ஒரு விதி வேண்டும், அது இந்தப் பகுதியில் எழுதப்பட வேண்டும். விதியைப் பொறுத்து எண்ணும் மாறும். நம் 12 இளைஞர்களில் கச்சான் என்ற பெயரைச் சொன்னவர்கள் 9. அந்த 9 பேரில் திசையும் சரியாகக் காட்டியவர்கள் 4. பழைய கட்டுரை ஓரிடத்தில் 9 என்றும் வேறோரிடத்தில் 4 என்றும் எழுதியிருக்கும். படிப்பவருக்கு முரண்பாடாகத் தெரியும். முறை எழுதியதும் இரண்டும் தனித்தனி அளவு என்று விளங்கிவிடும்.

அப்போது இதையெல்லாம் குறித்து வைக்கவில்லையே. என்ன செய்வது?

களக் குறிப்பேடு, ஒலிப்பதிவு, அவற்றின் கோப்புத் தேதி, பேருந்துச் சீட்டுகூட உதவும். முதலில் அவற்றைத் தேடுங்கள். கிடைக்காததை இட்டு நிரப்பாதீர்கள். எல்லாரிடமும் ஒரே வரிசையில் கேட்கவில்லை என்றால் 'கேள்விகளின் வரிசை பேட்டிக்குப் பேட்டி மாறியது' என்று எழுதி, விவாதத்தின் குறைபாடுகள் பகுதியில் அதன் விளைவையும் சொல்லிவிடுங்கள். மதிப்பீட்டாளர்கள் குறையைத் தாங்கிக்கொள்வார்கள். மழுப்பினால்தான் சந்தேகம் வரும்.

நெறிமுறைக் குழு ஒப்புதல் மட்டும் வேறு விஷயம். மனிதர்களிடம் பேட்டி எடுத்த ஆய்வென்றால் குழுவின் பெயரையும் ஒப்புதல் எண்ணையும் பல ஜர்னல்கள் கேட்கும். செய்து முடித்த ஆய்வுக்குப் பின்தேதியிட்டு ஒப்புதல் தர நெறிமுறைக் குழுக்கள் பொதுவாக ஒத்துக்கொள்வதில்லை. ஒப்புதல் இல்லையென்றால் கட்டுரையை மாற்றத் தொடங்கும் முன்பே ஆசிரியர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒருமுறை நான் மூன்று வாரம் உழைத்து மாற்றிய கட்டுரை, இந்த ஓர் எண் இல்லாததால் மதிப்பீட்டுக்கே போகாமல் இரண்டே நாளில் திரும்பி வந்தது.

பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் கொடுத்திருக்கிறேன்: பெயர், வயது, ஊர், சிலருக்குப் படமும். அதை அப்படியே சேர்க்கலாமா?

வேண்டாம். நம் மரபில் தகவலாளர் பெயரை அச்சிடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. நாட்டார் வழக்காற்று ஆய்வில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பட்டியல் இல்லாத கட்டுரை மொட்டையாகவே தெரியும். ஆனால் பன்னாட்டு ஜர்னலில் கேள்வி வேறு: பெயர் வெளியாவதற்கு அவர் தெரிந்து சம்மதித்தாரா? எழுத்துச் சம்மதமோ பதிவான வாய்மொழிச் சம்மதமோ இல்லையென்றால் பெயரை எடுத்துவிட்டு 'முதியவர் 7, ஊர் ஆ' என்பது போலக் குறியீடு கொடுங்கள். சிறிய ஊராக இருந்தால் வயதும் படகு வகையும் சேர்ந்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வயதைப் பத்தாண்டுத் தொகுதியாக எழுதுங்கள்.

என் பேர் வரணும் என்று கேட்கும் பெரியவர்களும் உண்டு. சம்மதப் படிவத்தில் அதற்கென்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கி, நன்றியுரையில் பெயரைப் போடலாம். ஆனால் குறியீட்டோடு அந்தப் பெயரை இணைத்துவிடாதீர்கள்.

முன்னுரையைப் புறநானூற்றிலிருந்து தொடங்கியிருக்கிறேன். அதை வெட்டச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

காற்றைப் பற்றிய கட்டுரை என்றால் 66ஆம் பாட்டு தானாக வந்துவிடும். கரிகாலனின் முன்னோர் காற்றைத் தொழில் கொண்டு கடலில் கலம் ஓட்டியதைச் சொல்கிற பாட்டு. நல்ல பாட்டுதான். ஆனால் அறிமுகப் பகுதியில் அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். தமிழருக்குக் காற்றறிவு பழையது என்று காட்டுகிறது. இன்றைய இளைஞருக்குக் கச்சான் தெரியுமா என்ற கேள்விக்கு அது அழைத்துப்போகவில்லை.

ஆய்வுக் கட்டுரை அறிமுகங்களை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் மூன்று நகர்வுகளைக் காட்டினார்: களத்தைக் காட்டுவது, அதில் உள்ள இடைவெளியைக் காட்டுவது, அந்த இடைவெளியில் நாம் போய் நிற்பது. நம் முன்னுரைகளில் முதலாவது மூன்று பக்கம் ஓடும், இரண்டாவது இருக்காது. காற்றுக் கட்டுரைக்கு இந்த மூன்றும் நான்கு பத்தியில் முடிந்துவிடும். தொழில்சார் சொற்கள் தலைமுறை மாறும்போது என்ன ஆகின்றன என்று ஒரு பத்தி. தமிழ்க் கடலோர வழக்கில் காற்றுப் பெயர்களைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒன்று. அவர்கள் பெயர்களைத் தொகுத்தார்களே தவிர எந்த வயதினருக்கு எது தெரியும் என்று அளக்கவில்லை என்பது மூன்றாவது. அதைத் தேடிப் படித்து உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். கடைசியில் உங்கள் கேள்வி. முன்னாய்வுகளை ஆள்வாரியாக, 'இன்னார் தம் நூலில் இவ்வாறு கூறுகிறார்' என்று அடுக்குவதை விட்டு, இடைவெளியை நோக்கி நகர்த்துங்கள்.

பாட்டை விவாதத்தில் ஒரு வாக்கியமாக வைக்கலாம், வாதத்துக்கு உதவினால். உதவவில்லை என்றால் அதைத் தமிழ்க் கட்டுரையிலேயே இருக்க விடுங்கள்.

அப்புறம் கருதுகோள். 'காற்றுப் பெயர்கள் மீனவர் வாழ்வோடு பின்னிப் பிணைந்தவை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்' என்ற வாக்கியத்தைப் பொய்யாக்க வழியே இல்லை. பொய்யாக வாய்ப்பே இல்லாதது கருதுகோள் ஆகாது. 'முதியவரைவிட இளைஞருக்குக் குறைவான பெயர்களே திசையோடு தெரியும்' என்பது கருதுகோள். கணக்குப் பார்த்தால் அது தோற்கவும் கூடும்.

கண்டவையையும் விவாதத்தையும் பிரித்தால் கட்டுரை உயிரற்றுப் போகிறதே?

முதல் வரைவில் அப்படித்தான் இருக்கும். கண்டவையில் அட்டவணை ஒன்று வரும்: நான்கு பெயர்கள் நான்கு கிடைவரிசை, முதியவர் ஒரு நெடுவரிசை, இளைஞர் ஒரு நெடுவரிசை. பக்கத்தில் 'கச்சானைத் திசையோடு சொன்னவர்கள் 12 இளைஞர்களில் 4, 18 முதியவர்களில் 17' என்ற வாக்கியம். இதை 33.33 சதவீதம் என்று எழுதாதீர்கள். 12 பேரில் ஒருவர் மாறினால் எட்டு சதவீதம் ஆடும். அங்கே இரண்டு தசம இடம் பொய்யான துல்லியம். மீனவர் சொன்ன வாசகமும் கண்டவைதான், அது இங்கே வரலாம். அதைப் பற்றிய உங்கள் வியப்பு வரக் கூடாது.

விவாதத்துக்கு உயிர் வேறு வழியில் வரும். நம் பேட்டிகள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடந்தன. அது தென்மேற்குக் காற்றுக் காலம்; கச்சான் எல்லார் வாயிலும் இருக்கும் நேரம். வடகிழக்குப் பருவத்தோடு வரும் வாடையைக் குறைவான பேர் சொன்னால் அது பருவத்தின் விளைவாக இருக்கலாம், மறதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கச்சானே அடித்துக்கொண்டிருந்த நாளில் அதன் திசையைக் காட்ட 8 இளைஞர்களால் முடியவில்லை என்பதற்குப் பருவத்தைக் காரணம் சொல்ல முடியாது. இப்படித் தன் தரவை எதிராளியின் கண்ணால் சோதிப்பதுதான் விவாதம். பழைய கட்டுரையில் இது எங்கேயும் இருந்திருக்காது, ஏனென்றால் கண்டதும் அர்த்தமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

'அரசு இச்சொற்களைப் பாடநூலில் சேர்க்க வேண்டும்' என்று முடியும் பரிந்துரையை எடுத்துவிடுங்கள். பாடநூலில் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்கள் ஆராயவில்லை.

சுருக்கத்தைக் கடைசியில்தான் எழுத வேண்டுமா?

ஆமாம். நான் எழுதும் வரிசை: முறைகள், கண்டவை, விவாதம், அறிமுகம், கடைசியில் சுருக்கம். 'இக்கட்டுரை காற்றுப் பெயர்களை ஆராய்கிறது' என்ற வகைச் சுருக்கம் கட்டுரையின் பொருளடக்கத்தைத்தான் சொல்கிறது. ஜர்னலுக்கு விடையே வேண்டும்: எத்தனை பேர், எப்படி, என்ன எண், என்ன அர்த்தம். சொல் வரம்பு இதழுக்கு இதழ் மாறும். பிளாஸ் ஒன் 300 சொல்லுக்கு மேல் விடுவதில்லை, சுருக்கத்தில் மேற்கோள் சான்றும் கூடாது. வரிசையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நேச்சர் இதழில் முறைகள் கட்டுரையின் கடைசிக்குப் போய்விடும். அதனால் இதழைத் தேர்ந்தெடுத்து, அதில் வந்த இரண்டு களஆய்வுக் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் ஆங்கிலமாக்கிவிட்டு அடுக்கலாமா, அடுக்கிவிட்டு ஆங்கிலமாக்கலாமா?

தமிழிலேயே அடுக்குங்கள். எது கண்டது, எது ஊகம் என்பது தாய்மொழியில் சட்டென்று தெரியும். மொழிபெயர்த்த பிறகு 'எனலாம்', 'போலும்' எல்லாம் உறுதியான வாக்கியமாக மாறி, பிரிக்க முடியாமல் போய்விடும்.

நீளத்தைக் கவனியுங்கள். 'கரையிலிருந்தவர்களிடமும் கேட்டேன்' என்பது தமிழில் இரண்டு சொல். ஆங்கிலத்தில் எட்டு ஒன்பது ஆகும். தமிழ் வரைவையே ஜர்னல் வரம்பு வரை எழுதிவிட்டால் பிறகு வெட்ட நேரும். காற்றுப் பெயர்களை மொழிபெயர்க்காதீர்கள். ஒலிபெயர்த்து, முதல்முறை வரும் இடத்தில் திசையைச் சொல்லிவிட்டு அப்படியே தொடருங்கள். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையோ ஐஎஸ்ஓ 15919 முறையோ, ஏதாவது ஒன்றைக் கடைசி வரை பின்பற்றினால் போதும்.

இந்தக் கட்டுரை ஏற்கெனவே ஒரு தமிழ் ஆய்விதழில் வந்துவிட்டது. அனுப்பலாமா?

மறைத்து அனுப்பக் கூடாது. மொழி மாறியதால் கட்டுரை புதிதாகிவிடாது. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு இரண்டாம் வெளியீட்டை நிபந்தனைகளோடு ஏற்கிறது: இரு இதழ்களின் ஆசிரியர்களும் சம்மதிக்க வேண்டும், முதல் வெளியீட்டைக் கட்டுரையிலேயே தெரிவிக்க வேண்டும், தரவும் விளக்கமும் மாறாமல் இருக்க வேண்டும், வாசகர் வட்டம் வேறாக இருக்க வேண்டும். மற்றத் துறை இதழ்களில் சில ஒத்துக்கொள்ளும், பல ஒத்துக்கொள்ளாது.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் செய்வது மொழிபெயர்ப்பைத் தாண்டி விடுகிறது. எண்ணும் விதி புதிது, விவாதம் புதிது. அப்படியென்றால் அதே தரவில் எழுந்த வேறு கட்டுரை என்று வாதாடலாம். ஆனால் அதைத் தீர்மானிப்பது ஆசிரியர் குழு. அனுப்பும் கடிதத்தில் பழைய கட்டுரையைக் குறிப்பிட்டு, எது பழையது எது புதியது என்று நாலு வரியில் சொல்லிவிடுங்கள். பழைய தமிழிதழிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடிக்குறிப்புகள்?

'மேலது', 'மே.நூ.' எல்லாம் போய்விடும். இதழ் கேட்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். நேரம் தின்பது பெயர்தான். தலைப்பெழுத்து முன்னால் வரும் நம் பெயர்களை மென்பொருள் தலைகீழாக்கிவிடும். ஒரே அறிஞர் மூன்று பெயரில் பட்டியலில் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

என் கட்டுரை முழுக்க இலக்கியத் திறனாய்வு. பேட்டி இல்லை, எண் இல்லை. அதையும் இப்படி உடைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கவிதையை வாசிப்பதில் கண்டதும் அர்த்தமும் ஒன்றாகவே நடக்கின்றன, பிரித்தால் செத்துப்போகும். மானுடவியல், இலக்கிய இதழ்கள் பல இந்த வரிசையைக் கேட்பதும் இல்லை. அத்தகைய இதழுக்கே அனுப்புங்கள். ஒரு தொகுப்பிலுள்ள எல்லாப் பாட்டிலும் ஒரு சொல்லை எண்ணியிருக்கிறீர்கள் என்றால் அது வேறு. எந்தப் பதிப்பு, எதை ஒரு வரவாகக் கணக்கிட்டீர்கள் என்று சொல்லும் முறைப் பகுதி அதற்கு வேண்டும்.

மாற்றி முடித்துவிட்டேன். சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

அறிமுகத்தின் கடைசிப் பத்தியில் உள்ள கேள்வியைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அதற்கு விடை தேட என்ன செய்தீர்கள் என்ற வாக்கியம் முறைகளில் எங்கே, அதன் எண் கண்டவையில் எங்கே, அதன் அர்த்தம் விவாதத்தில் எங்கே என்று கோடு இழுங்கள். நான்கிலும் கோடு தொட வேண்டும். நம் கட்டுரையில் அப்படி இழுத்தபோது செல்பேசிச் செயலி விவாதத்தில் இரண்டு பத்தி ஓடியது. முறைகளில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அந்த இரண்டு பத்தியும் ஒரே வாக்கியமாகச் சுருங்கிக் குறைபாடுகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன.